"தமிழ் தெரியுமா?" என்று கேட்டால் போதுமா?

பெங்களூரில் தொலைபேசி சேவை மையங்களுக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் அனுப்புவது ஒரு வாட்ஸ்அப் செய்திதான். "தமிழும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுவீர்களா? பத்துக்கு எத்தனை மதிப்பெண் போட்டுக் கொள்வீர்கள்? பதில் வந்ததும் போன் பேட்டிக்கு நேரம் சொல்கிறோம்" என்று ஆங்கிலத்தில் இருக்கும்.

நேரம் குறிக்கும் முன் மொழியைக் கேட்டுக் கொள்வது நல்ல வழக்கந்தான். தமிழே வராதவரைக் கூப்பிட்டுப் பேசி இருவர் நேரத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்கிற விதத்தில் கோளாறு இருக்கிறது.

அல்சூரில் ஒரு தமிழ்ப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், எழுத வராது. கடன் தரும் கம்பெனி ஒன்றின் தமிழ்ப் பிரிவுக்காக இந்தச் செய்தி வந்தது. தாய்மொழியாயிற்றே என்று தமிழுக்குப் பத்து, ஆங்கிலத்துக்கு ஆறு என்று பதில் போட்டாள்.

மறுநாள் போன் வந்தது. பேசியவருக்குத் தமிழ் தெரியாது! ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டு, தமிழுக்கு அவள் போட்ட பத்தையே எழுதிக் கொண்டார். அடுத்த சுற்றுக்கு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வரச் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போனாள்.

அங்கேதான் முதல் தடவையாக ஒருவர் அவளிடம் தமிழில் பேசினார். கிராமத்துப் பெரியவர் ஒருவர் தவணை எவ்வளவு என்று கேட்கிறார், சொல்லுங்கள் என்றார். தவணை 7,900 ரூபாய். அவள் "ஏழாயிரத்துத் தொண்ணூறு" என்றாள். அது 7,090 ஆகிவிடுகிறது. வாடிக்கையாளர் அதை நம்பிப் பணம் கட்டினால் 810 ரூபாய் குறையும். அபராதம் அவர் தலையில் விழும். அவளைத் திருப்பி அனுப்பியதில் தவறு சொல்ல முடியாது.

வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்த எண்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். வீட்டில் எவ்வளவு தமிழ் பேசினாலும் கணக்கும் தேதியும் ஆங்கிலத்திலேயே வாயில் வரும். தொண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. "சொல்ப இருங்க" என்று கன்னடம் கலப்பதை ஒரு வாரப் பயிற்சியில் திருத்திவிடலாம். அக்கவுண்ட், ரீபண்ட் போன்ற சொற்களைத் தமிழாக்கவும் வேண்டாம். வாடிக்கையாளரே அப்படித்தான் சொல்கிறார். தொகை பிசகினால்தான் ஆபத்து.

பத்துக்கு எத்தனை என்ற கேள்வியில் இது எப்படித் தெரியும்? அது மொழியை அளப்பதில்லை, துணிச்சலை அளக்கிறது. கூச்சப்படுகிறவர் ஆறு போடுவார், அவருக்குப் போனே வராது. வாயாடி ஒன்பது போட்டு உள்ளே வந்துவிடுவார்.

ஆங்கிலத்திலும் இதே குழப்பம். தமிழ்ப் பிரிவில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் பெரும்பாலும் ஆங்கிலம் பேசப் போவதில்லை. திரையில் வருவதைப் படிக்க வேண்டும். பேசி முடித்ததும் நடந்ததை இரண்டு வரி ஆங்கிலத்தில் தட்டெழுத வேண்டும். பல இடங்களில் தேவை அவ்வளவுதான். "சரளமாகப் பேசுவீர்களா" என்றதும் அது வராதவர்கள் பயந்து ஒதுங்கி விடுகிறார்கள்.

ஆள் எடுப்பவருக்கும் நெருக்கடி உண்டு. இடைத்தரகு நிறுவனங்களுக்கு, அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்து சில வாரங்கள் நிலைத்தால்தான் பெரும்பாலும் பணம் கைக்கு வரும். தினம் எத்தனையோ பேருக்கு ஒரே செய்தியை அனுப்புகிறவர் ஒவ்வொருவரையும் தமிழில் பேச வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம்.

முடியும். அதே வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு கேட்டால் போதும். "தவணை 7,900 ரூபாய், கடைசித் தேதி 28, தாமதித்தால் அபராதம் 590 ரூபாய். இதை ஒரு பெரியவருக்குச் சொல்வதுபோல் தமிழில் சொல்லி அனுப்புங்கள்" என்று எழுதலாம். அதைத் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு தமிழர் கூடவா இருக்க மாட்டார்? தமிழ் படிக்க, எழுத வேண்டுமா, ஆங்கிலம் பேசவா தட்டெழுதவா என்பதையும் அந்தச் செய்தியிலேயே சொல்லிவிடலாம்.

கேட்காவிட்டாலும், பதில் போடுகிறவர்கள் எண்ணோடு நிறுத்த வேண்டாம். "தமிழ் வீட்டு மொழி, நன்றாகப் பேசுவேன், மெதுவாகப் படிப்பேன், எழுத வராது. ஆங்கிலம் படிப்பேன், தட்டெழுதுவேன், பேச்சு சுமார்" என்று எழுதினால் ஆள் எடுப்பவருக்கு ஏற்ற இடம் பார்க்க வசதி. எழுத்தில் பதில் தரும் 'சாட்' பிரிவுக்கு அனுப்பி அலைக்கழிக்கவும் மாட்டார். போன் பேட்டி எந்த மொழியில் நடக்கும் என்றும் அப்போதே கேட்டுக் கொள்ளலாம்.

அல்சூர்ப் பெண்ணுக்கு அறுபதிலிருந்து ஆயிரம் வரை எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பழக ஒரு வாரம் ஆகியிருக்கும். எண்களைத் தமிழில் சொல்லச் சொல்வார்கள் என்று அவளுக்கு முன்கூட்டி யாரும் தெரிவிக்கவில்லை.