வீடு வேறு, குடும்பம் வேறாம்!



ரேஷன் கார்டில் பெயர் உள்ள பிள்ளை ஹாஸ்டலில் படித்தாலும் நம் குடும்பம்தான். அரசாங்கம்கூட அப்படித்தான் பார்க்கிறது. ஆனால் ஓடிடி கம்பெனிகளின் கணக்கே வேறு. ஒரே கூரையின் கீழ், ஒரே வைஃபையில் இருப்பவர்கள்தான் அவர்களுக்கு 'வீடு'.

நெட்ஃபிளிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு என்று அவர்களே ட்விட்டரில் எழுதினார்கள். 2022-இன் முதல் ஆறு மாதத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் விலகியதும் அந்த அன்பு கசந்துவிட்டது. 2023 மே மாதம் அமெரிக்காவிலும், ஜூலையில் இந்தியாவிலும் பகிர்வுக்குத் தடை வந்தது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பலருக்குச் சந்தேகம். வீட்டு டிவி எந்த இணைய இணைப்பில் ஓடுகிறதோ அதுதான் வீடு. ஐபி முகவரி, கருவியின் அடையாள எண் இவற்றை வைத்துப் பார்க்கிறார்கள். வேறு ஊர் டிவியில் திறந்தால், 'இது உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல' என்று வரும். பயணத்தில் இருப்பவர்களுக்குத் தற்காலிகக் குறியீடு உண்டு. அது கணக்கு வைத்திருப்பவரின் மெயிலுக்கோ போனுக்கோ வரும், பதினைந்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். அப்பா தூங்கிவிட்டால் மகளுக்குப் படம் கிடையாது!

இப்போது ஒரு கணக்குப் போடுவோம் (பழக்க தோஷம்). 2023-இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் திட்டம் 15.49 டாலர். வெளியூரில் உள்ள ஒருவரைச் சேர்க்க இன்னும் 7.99. அவரே விளம்பரத்தோடு தனிக் கணக்கு எடுத்தால் 6.99 தான். சேர்ந்து பார்ப்பதைவிடப் பிரிந்து போவது ஒரு டாலர் மலிவு! 2025 ஜனவரியில் விலையை ஏற்றினார்கள். ஸ்டாண்டர்ட் 17.99, கூடுதல் ஆள் 8.99, விளம்பரத் திட்டம் 7.99. அந்த ஒரு டாலர் வித்தியாசம் மட்டும் அப்படியே இருந்தது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. தனிக் கணக்கு என்றால் சந்தாவும் வருகிறது, விளம்பர வருமானமும் வருகிறது.

நம் ஊரில் தடை வந்தபோது காசு கொடுத்து ஆள் சேர்க்கும் வழியைக்கூடத் தரவில்லை. வீட்டில் 499 ரூபாய் திட்டம், ஹாஸ்டல் பிள்ளைக்கு 149 ரூபாய் மொபைல் திட்டம் என்றால் மொத்தம் 648. நான்கு திரை தரும் பிரீமியம் திட்டம் அன்று 649. ஆனால் அந்த நான்கு திரையும் ஒரே வீட்டில்தான் இருக்க வேண்டும்.

விலையை ஏற்றுவதை நான் குறை சொல்லவில்லை. வியாபாரி விலை சொல்வான், பிடித்தால் வாங்குவோம். 'ஒரே நேரத்தில் நான்கு திரை' என்று விற்றுவிட்டு, அந்தத் திரைகள் எந்த ஊரில் இருக்கலாம் என்று பிறகு சட்டம் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தனிக் கணக்கு எடுக்கும் பிள்ளைகள் ஒன்று செய்யுங்கள். பழைய கணக்கில் உங்கள் புரொஃபைலை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பார்த்த பட்டியல், சேமித்து வைத்தவை எல்லாம் கூடவே வந்துவிடும். அப்பா கணக்கை நிறுத்துவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.