மரத்த உடம்பு சம்மதம் சொல்லவில்லை

"அப்ப ஏன் கத்தல? ஏன் ஓடல?" போலீஸ் ஸ்டேஷனிலும் இதே கேள்வி, கோர்ட்டிலும் இதே கேள்வி. 1972இல் மகாராஷ்டிரத்தில், காவல் நிலையத்துக்குள்ளேயே வன்புணர்வுக்கு ஆளான பழங்குடிப் பெண் மதுராவின் உடம்பில் காயமில்லை, ஆகவே எதிர்க்கவில்லை என்றுதான் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது.

காயமில்லை என்றால் சம்மதமா தோழர்களே? பயம் உச்சத்துக்குப் போனால் உடம்பு தானாக உறைந்துவிடும். கைகால் அசையாது, குரல் எழும்பாது. இது அவள் எடுக்கிற முடிவு இல்லை. 2017இல் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வொன்றில், வன்புணர்வுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களில் 70 சதவீதம் பேர் பெருமளவு இப்படி உறைந்ததாகச் சொன்னார்கள். உடலால் எதிர்க்காதது மட்டுமே சம்மதமாகாது என்று 2013இல் சட்டமும் எழுதிக்கொண்டது.

ஆனால் இந்த உறைதல் அன்றோடு முடிவதில்லை. நேசிக்கிறவன் தொடும்போதும் திரும்பி வரும். நான் பேச வந்தது இதைத்தான்.

ஒரு தம்பதியை வைத்துச் சொல்கிறேன். விளக்கணைத்து அவன் பக்கத்தில் வந்ததும் அவள் மூச்சை அடக்குகிறாள். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கிறது. கை சில்லிட்டுவிடுகிறது. கேட்டால் பதில் இல்லை. 'மறுக்கலையே' என்று அவன் நினைத்தால், அந்தப் பழைய நீதிபதியின் வேலையைத்தான் அவனும் செய்கிறான். அந்த நொடியில் கையை எடுக்க வேண்டும். இறுக்கி அணைத்துத் தேற்றக் கூடாது. அசையவிடாத பிடிதான் பழைய பயமே. சற்றுத் தள்ளி உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, தன் பெயரையும் இது நம்ம வீடு என்பதையும் மெதுவாகச் சொல்லட்டும். அவள் பாதத்தைத் தரையில் ஊன்றி, சுற்றி இருக்கும் பொருள்களைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பேர் சொல்லட்டும்.

திரும்பி வருகிற வழி படிப்படியானது. உடலுறவு இப்போதைக்கு இல்லை என்று இருவரும் முதலில் பேசி வைக்க வேண்டும். அப்போதுதான் ஒரு தொடுதல் அடுத்ததற்கான அச்சாரமாக இருக்காது. வெளிச்சத்தில், உடையோடு, பதினைந்து நிமிஷம், கை மட்டும். எங்கே, எவ்வளவு நேரம் என்பதை அவள் சொல்வாள். 'போதும்' என்றால் காரணம் கேட்காமல் நிறுத்தணும். பல நாள் அது பதற்றமில்லாமல் நடந்த பிறகுதான் தோள், முதுகு. நேற்று பிடித்தது இன்று பிடிக்காமல் போகலாம். அப்போது ஒரு படி கீழே இறங்கணும், அவ்வளவுதான். பீடி வாசனையோ, பின்னாலிருந்து தொடுவதோ பழையதைக் கிளப்பினால் அதை விலக்கி வையுங்கள்.

பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது முன்னேற்றம் இல்லை. 'நிறுத்து' என்று சொல்லி, சொன்னபடி நின்றது என்பதை உடம்பு திரும்பத் திரும்பப் பார்க்கணும். உறைதல் அதில்தான் இளகும்.

கெட்ட கனவு, அது மறுபடி நடப்பது போன்ற உணர்வு, திடுக்கிடல் எல்லாம் ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் வீட்டுப் பொறுமை மட்டும் போதாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாகத் தோன்றினால் அன்றைக்கே 14416க்குப் பேசுங்கள், இலவசம்.

காத்திருக்கிற தோழனுக்கு ஒரு வார்த்தை. நீ காத்திருந்ததற்கு அவள் கடன்பட்டவள் இல்லை.