பக்கவாட்டில் வருவதும் தெரிய வேண்டும், தலையும் சுற்றக் கூடாது



கணினியில் விளையாடிவிட்டு எழுந்த பிள்ளை முகம் வெளிறி, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டால், நம் வீடுகளில் முதலில் கிளம்பும் பேச்சு, "கண்ணைக் கெடுத்துக்கொண்டாயே!" என்பதுதான். பாவம், கண்ணைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது பஸ் பயணத்தில் வரும் குமட்டலுக்கு உடன்பிறப்பு.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுப் பாதையை நினைத்துப் பாருங்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ 'ஒன்றும் அசையவில்லை' என்கிறது. இந்தச் சண்டையில்தான் வயிறு புரட்டுகிறது. விளையாட்டில் இது தலைகீழ். கண் ஓடுகிறது, காது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பஸ் ஓட்டுநருக்கு வாந்தி வருவது அபூர்வம்; அடுத்த திருப்பம் அவருக்கு முன்பே தெரியும். அதேபோல, விளையாடும் மகனைவிடப் பின்னால் நின்று பார்க்கும் தாய்க்குச் சீக்கிரம் தலை சுற்றுவதும் உண்டு.

நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான மைன்கிராப்ட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆட்டக்காரனின் கண் வழியாகத்தான் உலகம் தெரியும். கணினித் திரை ஒரு ஜன்னல் என்றால், அதன் வழியே எவ்வளவு அகலம் தெரிய வேண்டும் என்பதை நாமே கூட்டலாம், குறைக்கலாம். Options பக்கத்தில் FOV என்று இருப்பது அதுதான். தொடக்கத்தில் அது Normal என்று நிற்கும். அதன் அளவு 70 பாகை. இது மேலிருந்து கீழ்வரை உள்ள கணக்கு. இன்றைய அகலத் திரையில் இடமிருந்து வலம் ஏறக்குறைய 102 பாகை தெரியும். அதாவது நேர்பார்வையிலிருந்து பக்கத்துக்கு 51 பாகை.

இனி ஆபத்தைப் பாருங்கள். கிரீப்பர் என்ற பச்சை உருவம் சத்தமில்லாமல் நெருங்கும். பக்கத்தில் வந்த பிறகுதான் சீறி வெடிக்கும். அது நேர்பார்வையிலிருந்து 55 பாகை தள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 வைத்திருக்கும் பையனுக்கு அது தெரியவே தெரியாது. 90 வைத்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 60 பாகை தெரியும். திரை ஓரத்தில் பச்சையாய் ஏதோ அசைவதைக் கண்டு ஓடிவிடுவான்.

அப்படியானால் 110 வரை ஏற்றிவிடலாமே என்பீர்கள். அந்த இடத்தில் திரையில் Quake Pro என்று வரும். பெயருக்காகவே பையன்கள் அதை விரும்புவார்கள். ஆனால் ஜன்னல் பெரிதாகவில்லை, அதே ஜன்னலுக்குள் அதிக உலகத்தைத் திணிக்கிறோம். 90 வைத்தாலே நடுவில் உள்ள பொருள், 70-இல் இருந்த அளவில் பத்தில் ஏழு பங்காகச் சுருங்கும். 110-இல் பாதியாகிவிடும். தூரத்தில் வில்லோடு நிற்கும் எலும்புக்கூடு புள்ளியாகிவிடும். ஓரத்து மரங்களோ ரப்பர்போல இழுபடும், நடந்தாலே பறப்பதுபோல் தோன்றும். சிலருக்கு அந்த ஓரத்து ஓட்டமே குமட்டலைக் கிளப்பும். வேறு சிலருக்குக் குறுகிய பார்வைதான் ஆகாது. மூங்கில் குழாய் வழியே பார்த்துக்கொண்டு திரும்புவதுபோல், படம் முழுதும் சட்டென்று வழுக்கிப் போகும். ஆகவே அண்ணனுக்குப் பொருந்திய எண் தம்பிக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

குமட்டும் பிள்ளைக்கு முதலில் மாற்ற வேண்டியது இந்த எண்ணை அல்ல என்பேன். Video Settings பக்கத்தில் View Bobbing என்பதை OFF செய்யுங்கள். நடக்கும்போது படம் தள்ளாடுவது நின்றுவிடும். பிறகு Accessibility Settings பக்கத்தில் FOV Effects என்பதை OFF வரை குறையுங்கள். அதை விட்டுவைத்தால், ஓடும்போதெல்லாம் பார்வை தானாக விரிந்து, நின்றதும் சுருங்கும். நாற்காலியையும் சற்றுப் பின்னுக்கு இழுங்கள். 53 சென்டிமீட்டர் அகலத் திரை, 60 சென்டிமீட்டர் தூரத்தில் கண்ணில் 48 பாகையை அடைத்துக்கொள்கிறது. தள்ளி உட்கார உட்கார அந்தப் பிடி தளரும்.

இவ்வளவும் செய்தபின் FOV-ஐ 80 வைத்து ஒரு கால்மணி நேரம் விளையாடச் சொல்லுங்கள். கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, குளிர்ந்த வியர்வை, இவை வாந்திக்கு முன் வரும் தூதர்கள். கண்டவுடன் நிறுத்த வேண்டும். பழகிவிடும் என்று பல்லைக் கடிப்பது வீண். வயிறு முற்றும் அடங்கிய பிறகு, மறுநாள் வேண்டுமானால் 75 அல்லது 85 வைத்துப் பார்க்கலாம்.

வீட்டில் இருப்பது பழைய கணினி என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அகலம் கூடினால் கணினி வரைய வேண்டியதும் கூடும். படம் விட்டுவிட்டு நகர்ந்தால் அதுவும் தலைசுற்றலைக் கொண்டுவரும். 90-இல் படம் திக்கினால் 80-க்கே இறங்கிவிடுங்கள்.