கிராம் 410 ரிங்கிட் என்றால், சங்கிலி எவ்வளவு?

தண்ணீர்மலைக் குடும்பங்கள் நகை வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் லிட்டில் இந்தியா பக்கம்தான் போகின்றன. அங்குள்ள நகைக்கடைகளின் விலைப்பலகை இப்போது கைப்பேசிக்கும் வந்துவிட்டது. இன்றைய 916 விலை, கூலியில் கழிவு, தர முத்திரையின் விளக்கம் என்று கடைகள் நாள்தோறும் அறிவிக்கின்றன. வாங்குபவரின் சந்தேகத்தைப் போக்க இது நல்ல முயற்சிதான். ஆனால் அறிவிப்பில் உள்ள எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால், எந்தக் கடை மலிவு என்பது தெரியாது என்பதே என் கருத்து.

முதலில் அன்றைய விலையை எடுத்துக்கொள்வோம். இது கடைக்காரர் நினைத்தபடி வைக்கும் எண் அன்று. உலகச் சந்தையில் தங்கம் டிராய் அவுன்ஸ் கணக்கில், அமெரிக்க டாலரில் விற்கப்படுகிறது. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். 2025 மார்ச்சில் அவுன்ஸ் விலை முதன்முறையாக 3,000 டாலரைத் தாண்டியது. அந்த விலையையே வைத்து, ஒரு டாலருக்கு 4.40 ரிங்கிட் என்று கணக்கிடுவோம். 3,000ஐ 31.1035 ஆல் வகுத்து 4.40 ஆல் பெருக்கினால், ஒரு கிராம் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 424 ரிங்கிட் வருகிறது. 916 நகையில் 91.6 விழுக்காடுதான் தங்கம். ஆகவே அதன் ஒரு கிராமில் ஏறக்குறைய 389 ரிங்கிட் மதிப்புள்ள தங்கம் இருக்கிறது. அன்று ஒரு கடை 410 ரிங்கிட் என்று எழுதியிருந்தால், இடையிலுள்ள 21 ரிங்கிட்டில் கடையின் செலவும் லாபமும் அடங்கியுள்ளன. ஐந்தாம் படிவ மாணவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். யாரும் சரிபார்க்கக்கூடிய எண் என்பதால் கடைகள் இதைத் தயக்கமின்றி வெளியிடுகின்றன.

விலை வேறுபாடு ஒளிந்திருக்கும் இடம் கூலி. இதைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. நம் நாட்டில் கிராமுக்கு இத்தனை ரிங்கிட் அல்லது ஒரு நகைக்கு இத்தனை ரிங்கிட் என்று சொல்வது வழக்கம். தமிழ்நாட்டில் செய்கூலி, சேதாரம் என்று சொல்லி, பெரும்பாலும் தங்கத்தின் விலையில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவார்கள். இந்த இரண்டும் ஒன்றல்ல. பத்து கிராம் சங்கிலிக்கு 12 விழுக்காடு கூலி என்று வைத்துக்கொள்வோம். தங்கம் கிராமுக்கு 200 ரிங்கிட்டாக இருந்தால் கூலி 240 ரிங்கிட். விலை 405 ஆக ஏறினால் அதே சங்கிலிக்குக் கூலி 486 ரிங்கிட். பொற்கொல்லரின் உழைப்பு கூடவில்லை, வடிவமும் மாறவில்லை. உருக்கும்போதும் ராவும்போதும் வீணாகும் தங்கத்தின் மதிப்பு விலையோடு ஏறும் என்பது உண்மைதான். ஆனால் கூலி முழுவதும் சேதாரம் அன்று. தங்கம் ஏறும் காலத்தில் விழுக்காட்டுக் கூலி வாங்குபவருக்குப் பாதகமாகிறது.

இனி மூன்று கடைகளை ஒப்பிடுவோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. மூன்றிலும் அதே பத்து கிராம் 916 சங்கிலி. முதல் கடை கிராமுக்கு 410 ரிங்கிட்டும், கூலியாகக் கிராமுக்கு 30 ரிங்கிட்டும் கேட்கிறது; மொத்தம் 4,400 ரிங்கிட். இரண்டாவது கடை ‘கூலி இல்லை’ என்று அறிவிக்கிறது. ஆனால் கிராம் விலை 430. மொத்தம் 4,300 ரிங்கிட். மூன்றாவது கடையின் விலைதான் பலகையில் மிகக் குறைவு, 405 ரிங்கிட். கூலி 12 விழுக்காடு. மொத்தம் 4,536 ரிங்கிட். பலகையில் மலிவாகத் தெரிந்த கடை, பணம் கட்டும் இடத்தில் விலை கூடியதாகிவிட்டது. மொத்தத் தொகையை எடையால் வகுத்தால் கிராமுக்கு 440, 430, 453.60 ரிங்கிட். கடைகளை ஒப்பிட இந்த எண்தான் உதவும்.

ஆனாலும் கணக்கு இங்கே முடியவில்லை. நம் வீடுகளில் தங்கம் நகை மட்டுமன்று, சேமிப்பும்கூட. கல்விக் கட்டணத்திற்கோ மருத்துவத்திற்கோ விற்கும் நாள் வரலாம். அப்போது கூலி திரும்பக் கிடைக்காது. எடைக்கு அன்றைய விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் கடை வாங்கும். முதல் கடை 10 விழுக்காடும், இரண்டாவது 20 விழுக்காடும், மூன்றாவது 5 விழுக்காடும் கழிப்பதாக வைத்துக்கொள்வோம். விலை மாறாத நிலையில் திரும்பக் கிடைப்பது முறையே 3,690, 3,440, 3,847.50 ரிங்கிட். அதாவது இழப்பு 710, 860, 688.50 ரிங்கிட். வரிசை தலைகீழாகிவிட்டது. வாங்கும்போது மிக மலிவான இரண்டாவது கடையில்தான் இழப்பு அதிகம். என்றாவது விற்க நேரும் குடும்பத்திற்கு, திரும்ப வாங்கும் விழுக்காடே முக்கியமான எண். நான் பார்த்த அறிவிப்புகளில் மிக அரிதாகவே அது இடம்பெறுகிறது.

தர முத்திரையிலும் இதே போன்ற ஓர் இடைவெளி உண்டு. 22 காரட்டை 24 ஆல் வகுத்தால் 0.9166 வருகிறது, 916 என்ற பெயர் அதிலிருந்து வந்தது. கடைகள் இதை நன்றாக விளக்குகின்றன. அந்த எண்ணைக் குத்தியவர் யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நகையைத் தயாரித்தவரே குத்தியிருந்தால் அது அவர் தரும் வாக்குறுதி; வெளியார் சோதித்துத் தந்த சான்று அன்று. இந்தியாவில் 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் புதிதாக விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனிக் குறியீடு இருக்க வேண்டும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் உள்ளிட்டால், எந்தச் சோதனை மையம் அந்த நகையைச் சோதித்தது என்று வாங்குபவரே பார்க்கலாம். தமிழ்நாட்டில் வாங்கி வந்த நகை வீட்டில் இருந்தால் முயன்று பாருங்கள்.

இங்கே கடைகளில் எக்ஸ்-கதிர் கருவியால் சோதித்துக் காட்டுவார்கள். நகையை அறுக்காமல் சில நொடிகளில் விடை கிடைக்கும். ஆனால் அந்தக் கதிர் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. தடித்த முலாம் பூசியிருந்தால் உள்ளே இருப்பது தெரியாது. சந்தேகம் வலுவாக இருந்தால் சிறு துண்டை எடுத்து உருக்கிப் பார்க்கும் சோதனைதான் உறுதியானது. கல் பதித்த நகையாக இருந்தால், கல்லின் எடையைக் கழித்த பிறகே தங்கத்தின் விலையைக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் கண்ணாடிக் கல்லுக்கும் கிராமுக்கு 410 ரிங்கிட் கொடுத்தவர்களாவோம்.

ஆகவே விலைப்பலகையைப் படம் பிடித்து வைப்பதைவிட ரசீதைப் பார்ப்பது நல்லது. தங்கத்தின் நிகர எடை, தரம், அன்றைய விலை, கூலி ஆகிய நான்கும் தனித்தனி வரிகளில் இருக்க வேண்டும். ஐந்தாவதாக, திரும்ப வாங்கும்போது எத்தனை விழுக்காடு கழிப்பார்கள் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீதில் எழுதிய தரமும் நகையின் தரமும் பொருந்தவில்லை என்றால், மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்; வழக்கறிஞர் தேவையில்லை; மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே கையில் இருக்க வேண்டிய முதல் ஆதாரம் அந்த ரசீதுதான்.