கட் ஆஃப் சொல்லாத கதை

நீட் தேர்வில் பொதுப்பிரிவு கட் ஆஃப் 2024-இல் 162, 2025-இல் 144. உடனே ‘இயற்பியல் கணக்குமயமாகிவிட்டது’ என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. ஆனால் 2024-இல் 200 கேள்விகளில் 180-க்கு விடையளித்தால் போதும், நேரமும் 200 நிமிடம். அடுத்த ஆண்டு 180-ம் கட்டாயம், நேரம் 180 நிமிடம். மதிப்பெண் சரிவில் தெரிவும் நேரமும் குறைந்த இந்த இழப்புக்கும் பங்கிருக்கும். கேள்வியின் குணத்தைப் பற்றிக் கட் ஆஃப் எதுவும் சொல்லாது.

குணத்தை அறிய வினாத்தாளைத்தான் பிரிக்க வேண்டும். மின்தேக்கியை மின்னேற்றி, மின்கலத்தைக் கழற்றிவிட்டு, மின்காப்புப் பொருளை நுழைத்தால் ஆற்றல் என்னவாகும்? மின்னூட்டம் மாறாது என்பது பிடிபட்டால், ஆற்றல் K மடங்கு குறையும் என ஒரே வரியில் முடிந்துவிடும். மின்கலம் இணைந்தே இருந்தால் K மடங்கு கூடும். இங்கே தடுமாறுபவருக்குக் கால்குலேட்டரே கொடுத்தாலும் பயனில்லை. ஐந்து மின்தேக்கிகளின் தொகுபயன் மின்தேக்குத்திறனைக் கேட்கும் கேள்வியிலோ வழி பார்த்தவுடன் தெரியும். நேரத்தைத் தின்பது பின்னக் கூட்டல்தான். ஆகவே வழி பிடிபட ஆன நேரத்தையும், அதன்பின் விடை வர ஆன நேரத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

இது தீர்ப்பவரின் திறமையைப் பொறுத்ததல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், ஒருவரின் நிமிடக் கணக்கு இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆனால் ஒரே ஆசிரியர் இரண்டு ஆண்டுக் கேள்விகளையும் ஆண்டு தெரியாதபடி கலந்து தீர்த்தால், ஒப்பீட்டில் அந்தக் குறை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். முன்பே பார்த்த கேள்விகளை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். நினைவிலிருந்து வரும் விடை இரண்டு நேரத்தையும் பொய்யாக்கிவிடும்.