சேவை அன்று, சார்வு

வாடகை பாக்கியைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதப்படும் வக்கீல் நோட்டீஸுடன், வாடகைதாரருக்கு விளங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் தமிழ்ப் படி ஒன்றும் இணைக்கப்படுவதுண்டு. ஆனால் இந்த வாரம் பார்வைக்கு வந்த படி, விளங்கியதையும் குழப்பிவிடும் வகையைச் சேர்ந்தது. ‘இவ்வறிவிப்பு பாரபட்சமின்றி அனுப்பப்படுகிறது’ என்று அது முடிகிறது. அச்சொல்லோடு இப்பத்திக்கு உள்ள பழம்பகையை வாசகர்கள் அறிவர். பாரபட்சம் என்பது ஒரு பக்கம் சாய்தல். கட்சிக்காரருக்காகவே பேசும் வழக்கறிஞர் தாம் எப்பக்கமும் சாயாதவர் என்று அறிவிப்பது வேடிக்கையேயன்றி வேறல்ல. ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்ற சட்டத்தொடர், பாக்கியைக் கேட்பதனால் வீட்டைக் காலி செய்யக் கோருவது போன்ற மற்ற உரிமைகள் கைவிடப்பட்டதாகாது என்பதைக் குறிக்கிறது. ‘பிற உரிமைகளுக்குக் குந்தகமின்றி’ என்பதே அதற்குரிய தமிழ்.

இப்பிழை சிரிப்போடு போகும். அதே படியில் உள்ள ‘சேவை தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள்’ என்ற தொடரோ வீட்டையே பறிக்கக்கூடியது. நோட்டீஸை உரியவரிடம் முறைப்படி சேர்ப்பித்தலை ஆங்கிலச் சட்டமொழி ‘சர்வீஸ்’ என்கிறது; தமிழக நீதிமன்றங்களில் வழங்கும் சொல் ‘சார்வு செய்தல்’. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இரண்டு மாத வாடகை நிலுவையாக இருந்து, அதைக் கேட்கும் அறிவிப்பு சார்வான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுத்தொகையும் செலுத்தப்படாவிட்டால், அதனை வெளியேற்றத்துக்குரிய காரணமாக ஏற்கிறது. ஆகவே தவணை ஓடத் தொடங்குவது நோட்டீஸில் எழுதிய தேதியிலிருந்தன்று.

மாதம் 12,000 ரூபாய் வீதம் மூன்று மாதத்துக்கு 36,000 ரூபாய் பாக்கி எனக் கொள்வோம். நோட்டீஸில் 2025 பிப்ரவரி 1 என்று இருக்க, ஒப்புதல் அட்டையில் வாடகைதாரர் கையெழுத்திட்டது பிப்ரவரி 7 எனில், தவணை மார்ச் 7 அன்று முடியும். ‘சேவை’ விளங்காமல் நோட்டீஸின் தேதியிலிருந்து எண்ணுபவர் மார்ச் 1 கடந்ததுமே காலம் போயிற்று என்று கைவிட்டுவிடக்கூடும். மொழிபெயர்ப்பாளர் தம் விருப்பப்படி ‘30 நாட்கள்’ என்று எழுதியிருந்தாலோ வாடகைதாரர் மார்ச் 9 வரை காத்திருந்து தவணையைத் தவறவிடுவார், ஏனெனில் சட்டம் சொல்லும் மாதம் நாட்காட்டி மாதம். பிப்ரவரிக்கு 28 நாளே.

சார்வு கையில் கொடுப்பதோடு முடிவதுமில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி அஞ்சலில் அனுப்பலாம், வீட்டிலிருக்கும் குடும்பத்தாரிடமோ பணியாளரிடமோ தரலாம், அவையெல்லாம் இயலாதபோது அக்கட்டடத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். கதவில் ஒட்டப்பட்ட தாளைப் பார்ப்பவருக்கு அதில் உள்ள ‘சேவை தேதி’ என்பது, ஒட்டிய அந்த நாளையே குறிக்கிறது என்று எப்படித் தோன்றும்?

‘இவ்வறிவிப்பு தங்களுக்குச் சார்வு செய்யப்பட்ட, அதாவது முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட, நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வாடகை நிலுவை ரூ.36,000-ஐ முழுமையாகச் செலுத்துமாறு கோரப்படுகிறது’ என்று எழுத ஒரு வரி கூடுதலாகச் செலவாகும்.