டிரைவரே சமைத்தால் கட்டுப்படியாகுமா? கோயில் டூர் வேன் கணக்கு இதுதான்!

வேன் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்காங்க. சமைக்கத் தெரிந்தவர்களும் அப்படித்தான். ஆனால் 12 பேரை கும்பகோணம் பக்கம் நவக்கிரகக் கோயில்களுக்குக் கூட்டிப்போய், வீட்டுச் சாப்பாடும் போடுகிற டிரைவருக்குக் கிராக்கியே வேற.

எப்படி? ஓட்டலில் ஒருவருக்கு வேளைக்கு 100 ரூபாய் என வைத்தால், மூன்று வேளைக்கு 12 பேருக்கு 3,600 ரூபாய். மளிகை, காய்கறி, கேஸுக்கு அதில் பாதி போனாலும் 1,800 ரூபாய் மிச்சம். தனி சமையல்காரருக்கு சம்பளமும் இல்லை, சீட்டும் இல்லை.

சிக்கல் தூக்கத்தில்தான். அதிகாலை 4 மணிக்கு எழுந்து பொங்கல் கிண்டியவர், இரவு 9 மணிக்கும் ஸ்டியரிங் பிடித்தால் என்ன ஆகும்? 2025 வரை அமலில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, ஒரு நாள் வேலை 8 மணி நேரம் என்றது. சமையலும் வேலைதானே!

அதனால் விவரமானவர்கள் மெனுவைச் சுருக்குவார்கள். புளிக்காய்ச்சல் வீட்டிலேயே தயார். தயிர்சாதத்துக்குப் பால் அதிகம், தயிர் ஒரு கரண்டி. மதியம் வரை புளிக்காது. இரவுச் சாப்பாடு ஓட்டலில். மிச்சம் 1,200 ஆகக் குறையும், ஆனால் டிரைவர் தூங்குவார்.

அடுப்பு? ஆட்களோடு வேனில் சிலிண்டரை ஏற்றவே கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். சமையலறை உள்ள சத்திரம் அல்லது மண்டபமாகப் பார்த்து முன்கூட்டியே பேசிவைப்பதுதான் ஒரே வழி.